சொன்ன தேதிக்குச் சரக்கு வரவில்லை: ஆர்டரை எப்போது ரத்து செய்யலாம்?

குமரி மாவட்டத்தில் கடற்கரை ஒன்றுதான் என்றாலும் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்தந்த 61 நாளில்தான் விசைப்படகுகளுக்கு மராமத்து நடக்கும். என்ஜின், வலை இழுக்கும் வின்ச், வலை என்று வெளியூர்ப் பட்டறைகளுக்கு ஆர்டர் போவதும் அப்போதுதான். சரக்கு தாமதமானால் ‘வேண்டாம், அட்வான்ஸைத் திருப்பிக் கொடு’ என்று சொல்ல முடியுமா என்ற கேள்வியும் அப்போதே எழும்.

சொல்ல முடியும், ஆனால் எல்லா நேரத்திலும் முடியாது. தேதி தவறியதாலேயே ஒப்பந்தம் முறிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 55ஆம் பிரிவு தாமதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அந்தத் தேதி தவறினால் சரக்கே வாங்குபவருக்குப் பயன்படாது என்ற அளவுக்கு இருவரும் அதை முக்கியமாகக் கருதியிருந்தால், காலம் அந்த ஒப்பந்தத்தின் சாரம். அப்போது வாங்குபவர் ரத்து செய்யலாம். அப்படிக் கருதவில்லை என்றால் தாமதத்தால் வந்த நஷ்டத்தைக் கேட்கலாமே தவிர, தாமதமாக வந்தாலும் சரக்கை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே முழு வழக்கும் ஒரே கேள்வியில் நிற்கிறது: தேதி சாரமா, இல்லையா? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 11ஆம் பிரிவில், இதை ஒப்பந்த வாசகத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. வணிக ஒப்பந்தங்களில் காலம் பொதுவாகச் சாரம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1961இல் சொன்னது வாங்குபவருக்குச் சாதகம். ஆனால் ‘பொதுவாக’ என்ற சொல்லை நம்பி ஒன்றரை லட்ச ரூபாய் அட்வான்ஸைக் கொடுக்கக் கூடாது. தோவாளைச் சந்தையில் திருவோணத்துக்கு முதல் நாள் காலைக்கென்று சொல்லிவைத்த பூ திருவோணத்துக்கு மறுநாள் வந்தால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அங்கே சரக்கே பேசிவிடும். இரும்பில் செய்த வின்ச் அடுத்த மாதமும் அதே வின்ச்தான். அதற்குத் தேதி ஏன் முக்கியம் என்பதை எழுத்துதான் காட்ட வேண்டும்.

இனி ஒரு மாதிரிக் கணக்கோடு போவோம். குளச்சலில் ஒரு விசைப்படகுக்காரர் மே 30 அன்று கோவையில் ஒரு பட்டறைக்கு வின்ச் ஆர்டர் போடுகிறார். விலை 4,20,000 ரூபாய், அட்வான்ஸ் 1,50,000 ரூபாய். வின்ச் வந்த பிறகு தளத்தில் அடித்தளம் வெல்டிங் செய்து, பொருத்தி, என்ஜினோடு இணைத்து, வயர் ரோப் சுற்றி, ஓட்டிப் பார்க்கப் பத்து நாள் வேண்டும். ஆகவே ஜூலை 20 என்று பேச்சு.

ஆர்டர் எழுதும்போது

பெரும்பாலான ஆர்டர்களில் ‘டெலிவரி: ஜூலை 20’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

முதல் ஓட்டை, டெலிவரி எங்கே என்பது. வாங்குபவருக்கு அனுப்பிவைக்க வேண்டிய சரக்கை லாரி பார்சலில் ஒப்படைத்தாலே, வேறு பேச்சு இல்லாதவரை, வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. பட்டறைக்காரர் ஜூலை 20 இரவு கோவையில் லாரியில் ஏற்றிவிட்டு, ‘நான் சொன்ன தேதிக்குக் கொடுத்துட்டனுங்களே’ என்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. லாரி நடுவில் இரண்டு நாள் நின்றால் அது உங்கள் தலையில் விழும். எனவே ‘அனுப்பும் தேதி’ என்று எழுத விடாதீர்கள். ‘குளச்சல் துறைமுகத்தில் வந்து சேரும் தேதி’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது, ஏன் அந்தத் தேதி என்பது. கோவைக்காரருக்குத் தடைக்காலம் என்ற சொல் தெரிந்திருக்கலாம். குமரி மாவட்டத்தில் அது இரண்டு விதம் என்பதும், குளச்சலுக்கு எப்போது முடிகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதித் தெரிவித்தால்தான் ‘தேதி முக்கியம் என்று அவருக்கும் தெரியும்’ என்று பிறகு சொல்ல முடியும். இப்படி எழுதினால் போதும்:

> சரக்கு 20 ஜூலை மாலை 5 மணிக்குள் குளச்சல் துறைமுகத்தில் வந்து சேர வேண்டும். மேற்குக் கடற்கரைத் தடைக்காலம் ஜூலை 31இல் முடிகிறது. படகு ஆகஸ்ட் 1 அன்று தொழிலுக்குப் போக வேண்டும். பொருத்த 10 நாள் தேவை. இந்தத் தேதி இந்த ஒப்பந்தத்தின் சாரம். தவறினால் ஆர்டரை ரத்து செய்து அட்வான்ஸைத் திரும்பப் பெறவும், நஷ்டஈடு கேட்கவும் வாங்குபவருக்கு உரிமை உண்டு. படகு கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் தொழில் வருமானம் நஷ்டமாகும் என்பது விற்பவருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது.

வழவழப்பான சட்ட மொழி தேவையில்லை. பட்டறைக்காரர் படித்து ‘சரி’ என்று பதில் போடும்படி இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அந்த ‘சரி’ வர வேண்டும், அட்வான்ஸ் போடுவதற்கு முன்பே வர வேண்டும். பணம் போன பிறகு நீங்களாக ஒரு நிபந்தனையை அனுப்பினால் அது உங்கள் விருப்பம் என்றுதான் ஆகும்.

கடைசி வரி எதற்கு என்று கேட்கலாம். 1854இல் இங்கிலாந்தில் ஒரு மாவு மில்லின் உடைந்த தண்டு, புதிதாகச் செய்வதற்கு மாதிரியாக அனுப்பப்பட்டது. கொண்டுபோனவர்கள் தாமதம் செய்ததில் மில் நின்றுபோனது. மில்காரருக்கு அந்த வருமான இழப்பு கிடைக்கவில்லை. இது இல்லாமல் மில் ஓடாது என்பது கொண்டுபோனவர்களுக்குப் போதுமான அளவு தெரிவிக்கப்படவில்லை என்பதே காரணம். ஹாட்லி எதிர் பாக்ஸென்டேல் என்ற அந்த வழக்கின் கொள்கைதான் நம் ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் இருக்கிறது. வேறொரு வின்ச் படகில் இருக்கலாம் என்று பட்டறைக்காரர் நினைக்க இடம் கொடுத்தால் கரையில் நின்ற நாட்களுக்குக் காசு வராது.

அடுத்து, பலர் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்யும் ஒரு தவறு. ‘தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரூபாய் கழிக்கப்படும்’ என்று மட்டும் எழுதுவார்கள். இந்த வரி ரத்து உரிமையையே அரித்துவிடக்கூடும். தாமதமானால் இவ்வளவு கழிவு என்று நீங்களே சொல்லிவிட்டதால், தாமதமாகக் கொடுப்பதும் ஒப்பந்தத்துக்குள் அடக்கம் என்று ஆகிறது. ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது: காலம் சாரம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், கால நீட்டிப்புக்கும் தாமத அபராதத்துக்கும் வழி வைத்திருந்தால் அந்த வரிக்கு வலு போய்விடும். கழிவு வேண்டும் என்றால் எல்லை கட்டி எழுதுங்கள்: ‘ஜூலை 23 வரை நாளுக்கு 1,000 கழிவு; அதற்கு மேல் கால நீட்டிப்பு இல்லை, ரத்து.’

உங்கள் பக்கம் பாக்கி வைக்காதீர்கள்

இது சின்ன விஷயம்போலத் தெரியும். தள அளவை ஜூன் 5க்குள் தருவதாகச் சொல்லி ஜூன் 25இல் தந்திருந்தால், அல்லது பாதியில் டிரம் அளவை மாற்றச் சொல்லியிருந்தால், ஜூலை 20 உங்களாலேயே தள்ளிப்போனதாக ஆகும். மாற்றம் கேட்கும்போதே ‘இதனால் தேதி மாறுமா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தேதி தவறிய மறுநாள்

உரிமை பறிபோவது அநேகமாக இங்கேதான். ஜூலை 21 காலை போன் போடுகிறீர்கள். ‘காஸ்டிங் வர லேட்டாயிடுச்சுங்க, ரெண்டு நாள்ல ஏத்தி உட்டுடறனுங்க’ என்கிறார். ‘சரி அண்ணே, சீக்கிரம் அனுப்புங்க’ என்று வைத்துவிடுகிறீர்கள்.

அந்த ‘சரி, சீக்கிரம்’ என்ற இரண்டு சொல்லில் தேதி கரைந்துபோகிறது. காலக்கெடுவை நீட்டிக் கொடுக்க வாங்குபவருக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் உரிமை உண்டு. நீங்கள் அதைப் பயன்படுத்தியதாகவே பொருள். எதுவரை என்று சொல்லாததால் இனி நியாயமான காலம் என்பதுதான் கணக்கு. அடுத்த நாளே கோபம் வந்து ரத்து செய்தால், ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்களாகிவிடுவீர்கள்.

அவகாசம் கொடுக்கவே கூடாது என்பதில்லை. கொடுத்தால் தேதியோடு கொடுங்கள். கல்கத்தா உயர் நீதிமன்றம் 1915இல் முடித்த புத்ர சந்த் எதிர் பெட்ஸ் வழக்கு இதற்கு நல்ல பாடம். காட்டு யானை பிடிக்கும் கெட்டா வேலைக்கு ஒருவர் இன்னொருவரின் யானையை வாடகைக்குப் பேசினார். 1910 அக்டோபர் 1 அன்று யானை வந்திருக்க வேண்டும். உரிமையாளர் 6ஆம் தேதி வரை அவகாசம் கேட்டு வாங்கினார். யானை வந்ததோ 11ஆம் தேதி. வேண்டாம் என்று மறுத்தவர் பக்கமே தீர்ப்பு. அவகாசம் கேட்டு வாங்கியதே தேதி முக்கியம் என்று இருவருக்கும் தெரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 6 என்று கட்டிக் கொடுத்ததால் சாரம் சாரமாகவே நின்றது.

நம் படகுக்காரர் 21ஆம் தேதி போனை வைத்ததும் அனுப்பியிருக்க வேண்டிய செய்தி இதுதான்:

> நீங்கள் கேட்டபடி 23 ஜூலை மாலை 5 மணி வரை மட்டும் அவகாசம் தருகிறேன். காலம் சாரம் என்ற நிபந்தனை இந்தப் புதிய தேதிக்கும் பொருந்தும். தாமதத்துக்கான நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

‘சரி’ என்று சொல்லித் தொலைத்துவிட்டால்

பெரும்பாலானோர் இந்த நிலையில்தான் வக்கீலிடம் வருகிறார்கள். மீட்க வழி உண்டு: நியாயமான புதிய கெடு வைத்து நோட்டீஸ் கொடுத்தால், விட்டுப்போன சாரம் திரும்ப வரும். 1950இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் நீதிபதி தீர்த்த ரிக்கார்ட்ஸ் எதிர் ஓப்பன்ஹைம் வழக்கு இதற்கு வழக்கமாகக் காட்டப்படுவது. ஒரு ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு மேற்கூடு கட்டும் வேலை. கெடு முடிந்தும் வாங்குபவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியாக, நான்கு வாரத்துக்குள் தராவிட்டால் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு மாதக்கணக்கில் கழித்து வந்த காரை அவர் மறுத்தது சரி என்றது நீதிமன்றம்.

எத்தனை நாள் நியாயம்? மீதி வேலை எவ்வளவு என்பதே அளவுகோல், உங்கள் பொறுமை அல்ல. இதை விற்பவர் வாயாலேயே வாங்குவது நல்லது. 24ஆம் தேதி ‘இப்போது என்ன நிலை, என்ன வேலை பாக்கி?’ என்று எழுதிக் கேளுங்கள். ‘பெயின்ட் மட்டும்தான்’ என்று பதில் வந்தால், ஒரு நாள் வேலையும் லாரி வரும் நேரமும் சேர்த்து 27 மாலை 5 என்பது தாராளம். ‘கியர் இன்னும் வரவே இல்லை’ என்றால் மூன்று நாள் கெடு கண்துடைப்பாகத் தெரியும். ஜூலை 31ஐத் தாண்டாத, ஆனால் அவரால் செய்ய முடிகிற தேதியை வையுங்கள். அப்படி ஒரு தேதியே இல்லை என்றால், முதல் ஆர்டரில் தடைக்காலம் முடியும் தேதியை எழுதியிருந்தது அப்போது கைகொடுக்கும்.

நோட்டீஸில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: தேதியும் மணியும், இடம், தவறினால் ரத்து என்ற தெளிவான சொல். ‘சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று மட்டும் எழுதுவது வீண். மிரட்டல் ரத்தாகாது.

ரத்து செய்வது எப்படி

27 மாலை 5 கடந்தது. இப்போது நோட்டீஸ் தானாக வேலை செய்யாது; நீங்கள் ரத்து செய்வதாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் பேசப்பட்ட அதே வழியில் ரத்தும் தெரிவிக்கப்படலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. ஆர்டர் வாட்ஸ்அப்பில் போயிருந்தால் ரத்தும் வாட்ஸ்அப்பில் போகலாம். அதோடு ஒரு நகலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நீலக்குறி விழவில்லை, போன் தொலைந்தது என்று பிறகு கதை கேட்க வேண்டாம். அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனை விற்றுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள்.

இடையில் ஏதேனும் பாகம் முன்கூட்டியே வந்திருந்தால், அதாவது வயர் ரோப் சுருளோ அடித்தளத் தகடோ, அதைத் திருப்பித் தரத் தயார் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள். ரத்து செய்பவர் தான் பெற்றதைத் திருப்ப வேண்டும் என்பது 64ஆம் பிரிவு. ரத்து செய்த பிறகும் நஷ்டஈடு கேட்கலாம் என்பது 75.

லாரி துறைமுகத்துக்கு வந்துவிட்டால்

ரத்து செய்த பின் 29ஆம் தேதி காலை லாரி வந்து நிற்கிறது. டிரைவர் இறக்கிக்கொள்ளச் சொல்கிறார், பக்கத்துப் படகுக்காரரும் ‘வந்ததை விடாதேயும்’ என்கிறார். இந்த அரை மணி நேரத்தில்தான் முடிவெடுக்க வேண்டும்.

வேண்டாம் என்றால் இறக்காதீர்கள், லாரி ரசீதில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போடாதீர்கள். ‘தாமதத்தால் மறுக்கப்பட்டது, 29 ஜூலை, காலை 9.40’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆட்கள் தெரியாமல் இறக்கிவிட்டாலும் பதற வேண்டாம்: மறுத்த சரக்கைத் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது அல்ல, மறுப்பைத் தெரிவித்தால் போதும் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. ஆனால் தளத்தில் வைத்து ஒரு போல்ட் முடுக்கினாலும் சரக்கை ஏற்றுக்கொண்டதாகிவிடும். பிறகு ரத்து என்ற பேச்சுக்கு இடமில்லை.

வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆகஸ்ட் பிறக்கப் போகிறது, வேறு வின்ச் கையில் இல்லை. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவின் மூன்றாம் பத்தியைக் கவனியுங்கள்: தாமதச் சரக்கை ஏற்கும்போதே ‘நஷ்டஈடு கேட்பேன்’ என்று அறிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. ஏற்கும்போது என்றால் ஏற்கும்போதுதான். அடுத்த வாரம் பில் தீர்க்கையில் சொல்வது பயன்படாது. இறக்குவதற்கு முன் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: ‘தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமையோடுதான் சரக்கை இறக்குகிறேன்.’

எவ்வளவு கேட்கலாம்

நம் படகுக்காரர் லாரியைத் திருப்பிவிட்டு, தூத்துக்குடியில் தயாராக இருந்த அதே அளவு வின்சை 4,60,000 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று வைப்போம். பொருத்தி ஆகஸ்ட் 9 அன்று கடலுக்குப் போகிறார். அவர் கணக்கு: அட்வான்ஸ் 1,50,000 திரும்ப வேண்டும். கூடுதலாகக் கொடுத்த விலை 40,000. கரையில் நின்ற எட்டு நாள் வருமானம் தனி. அதை நிரூபிக்க முந்தைய நடைகளின் ஏலச் சீட்டுகள் வேண்டும், டீசல், ஐஸ், ஆட்கள் பங்கு என்று போகாததால் மிச்சமான செலவைக் கழிக்கவும் வேண்டும். நாளுக்கு லட்சம் வரும் என்று வாயால் சொன்னால் எடுபடாது. நஷ்டத்தைக் குறைக்க முயன்றீர்களா என்றும் பார்ப்பார்கள்: தூத்துக்குடியில் வின்ச் இருந்தும் கோபத்தில் ஒரு மாதம் சும்மா நின்றால் அந்த மாதத்துக்குக் காசு இல்லை.

எங்கே போவது

வீட்டுக்கு வாங்கும் கல்யாணக் கட்டில், பீரோ என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்பதால் கோவைக்கு அலைய வேண்டாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துபாருங்கள்; பல கடைக்காரர்கள் அந்த அழைப்பிலேயே பணத்தைத் திருப்பிவிடுவார்கள்.

படகுக்கு வாங்கியது இங்கே சிக்கலாகும். வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல. சொந்த உழைப்பில் பிழைப்புக்கு மட்டும் வாங்குபவருக்கு விலக்கு உண்டு. தானே கடலுக்குப் போகும் ஒற்றை வள்ளக்காரர் அந்த விலக்கைக் கேட்டுப் பார்க்கலாம். ஆட்களை வைத்து இரண்டு விசைப்படகு நடத்துபவருக்குக் கிடைப்பது கடினம். அவர் மூன்று வருடத்துக்குள் சிவில் நீதிமன்றம் போக வேண்டும். அப்போது பட்டறைக்காரரின் பில்லில் அடியில் பொடி எழுத்தில் ‘வழக்குகள் கோவை நீதிமன்றத்துக்கு மட்டும் உட்பட்டவை’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்க வேண்டிய நாள் மே 30, அட்வான்ஸ் போடுவதற்கு முன்.